திறப்பு விழா தள்ளுபடி: எத்தனை நாள், எப்படி?

“குழந்தைகள் ரெடிமேட் கடை திறக்கிறேன். முதல் மாதம் முழுக்க 20% தள்ளுபடி போடலாமா? அப்புறம் ஜனங்க ஆஃபருக்கே காத்திருப்பாங்களோன்னு பயமா இருக்கு.”

போடுங்க, ஆனால் ஒரு மாதம் வேண்டாம். 700 ரூபாய் அடக்கமுள்ள உடையை 1000-க்கு விற்றால் 300 நிற்கும். 20% குறைத்தால் 100தான். அதே லாபத்துக்கு மூன்று மடங்கு விற்க வேண்டும். வாடகையும் சம்பளமும் அப்படியே இருக்கும்.

ஒரு மாதம் ஓடினால் 800தான் உண்மையான விலை என்று மனதில் பதிந்துவிடும். பிறகு 1000 என்றால் விலை ஏற்றிவிட்டதாகத்தான் நினைப்பார்கள். ஆடித் தள்ளுபடிக்காக ஆனியில் துணி எடுப்பதைத் தள்ளிப்போடும் வீடுகள் எத்தனை!

என் கடையில் செய்த தப்பு, நாலு நாள் ஆஃபரைக் கூட்டம் பார்த்து இன்னும் பத்து நாள் நீட்டியது. அடுத்த மாதம் வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்து, “அடுத்த ஆஃபர் எப்போண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நீங்கள் மூன்று நாள் மட்டும் 10% கொடுங்கள். பில்லில் முழு விலையும் தெரியட்டும். கூடவே மூன்று வாரத்துக்குள் வந்தால் செல்லும் 75 ரூபாய் கூப்பன், 750-க்கு மேல் வாங்கினால் மட்டும். குழந்தைத் துணி சீக்கிரம் சின்னதாகிவிடும், மறுபடி வரத்தான் வேண்டும். அந்த இரண்டாவது வரவைப் பிடிப்பதுதான் முக்கியம்.

பில்லில் போன் நம்பர் வாங்கி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, அந்த மூன்று நாளில் வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்து முழு விலைக்கு வாங்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.