0.42 மணித்தியாலம் என்பது 42 நிமிடம் அல்ல

"ஐயா, எங்கட வீடு கோண்டாவிலில். கிணற்று மோட்டர் அரைக் குதிரைவலு. அதன் தகட்டில் மணிக்கு 2.4 கனமீற்றர் என்று போட்டிருக்கு. மேலே 1000 லீற்றர் தாங்கி. நான் கணக்குப் பார்க்க 0.42 வந்தது, அதாவது 42 நிமிடம். நிரம்ப 45 நிமிடம் எடுக்குது, கிட்டத்தட்டச் சரிதானே? ஆனால் மகள் 25 நிமிடம்தான் வரவேணும் என்கிறாள். கடைக்காரர் மோட்டர் களைச்சுப் போச்சு, ஒரு குதிரைவலு போடுங்கோ என்கிறார். யார் சொல்வது சரி?"

கணக்கு மகளுடையதுதான் சரி. மோட்டருக்கும் ஒன்றுமில்லை. கடைக்காரருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு கனமீற்றர் 1000 லீற்றர். ஆகவே 2.4 கனமீற்றர் என்றால் 2400 லீற்றர். 1000 ÷ 2400 = 0.42. இதுவரை நீங்கள் சரி. ஆனால் அந்த 0.42 மணித்தியாலத்தில் இருக்கிறது, நிமிடத்தில் அல்ல. ஒரு மணித்தியாலத்துக்கு 60 நிமிடம் என்பதால் அதை 60 ஆல் பெருக்க வேண்டும். 25 நிமிடம் வரும். அரை மணி 0.5 மணித்தியாலம், அதை யாரும் 50 நிமிடம் என்று சொல்வதில்லை. ஆனால் 0.42 என்று வந்தவுடன் கை தானாக 42 நிமிடம் என்று எழுதிவிடுகிறது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாங்கிக்கு இப்படித்தான் நேரம் எழுதிக் கொடுத்து வழிந்தோட விட்டிருக்கிறேன். இந்தப் பிழை வராமலிருக்க எனக்குப் பிடித்த வழி, கணக்குத் தொடங்க முன்னமே எல்லாவற்றையும் நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று மாற்றிவிடுவது. 2400 ÷ 60 = 40. நிமிடத்துக்கு 40 லீற்றர், 1000 லீற்றருக்கு 25 நிமிடம். புள்ளியும் இல்லை, குழப்பமும் இல்லை.

சரி, அப்படியென்றால் ஏன் 45 நிமிடம் எடுக்கிறது? இங்கேதான் கடைக்காரருக்கு வாசல் திறக்கிறது. தகட்டில் உள்ள 2.4 கனமீற்றர் "கியூ மக்ஸ்". மோட்டர் தண்ணீரை மேலே ஏற்றவே தேவையில்லை என்றால் தரக்கூடிய ஆகக்கூடிய அளவு அது. அதே தகட்டில் "எச் மக்ஸ்" என்று இன்னொரு எண் இருக்கும். அது மோட்டர் எட்டக்கூடிய ஆகக்கூடிய உயரம். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று நினைக்கும்படி எழுதி விற்கிறார்கள். ஒரே பொருளில் ஒரு பெட்டியில் நிமிடத்துக்கு லீற்றர், அடுத்த பெட்டியில் மணிக்குக் கனமீற்றர், இன்னொன்றில் வெறும் குதிரைவலு மட்டும். ஒரு வரி தமிழில் இருக்காது. பள்ளிக்கூடத்தில் தாங்கி நிரம்பும் கணக்கு எத்தனையோ செய்தோம், அந்தத் தகட்டை வாசிக்க ஒருவரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் வகை மோட்டர்களில் எச் மக்ஸ் 36 மீற்றர் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தகட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து 5.5 மீற்றர் கீழே, தாங்கியில் குழாய் விழும் இடம் தரையிலிருந்து 7.5 மீற்றர் மேலே என்றால் ஏற்றவேண்டிய உயரம் 13 மீற்றர். இதற்கு மேல் குழாயும் மடங்குகளும் எதிர்க்கும். முக்கால் அங்குலக் குழாய் 25 மீற்றர் நீளமாக ஓடினால் அதற்கு 2 மீற்றர் சேருங்கள். ஆக 15. மோட்டர் 36 மீற்றரில் பூச்சியம், பூச்சியம் மீற்றரில் 40 லீற்றர். இந்தச் சிறு மோட்டர்களுக்கு இடையில் நேர்கோடு போட்டால் கணக்கு அதிகம் பிழைக்காது. 36 இல் 15 ஐ உயரத்துக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் 21. 21 ÷ 36 × 40 = 23. நிமிடத்துக்கு 23 லீற்றர், 1000 லீற்றருக்கு 43 நிமிடம். உங்கள் மணிக்கூடு 45 காட்டுகிறது. ஆகவே மோட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. உங்கள் 42 சரிபோலத் தெரிந்தது, ஒரு பிழை இன்னொரு பிழையை மறைத்ததால்தான்.

இதைக் காகிதத்தில் நம்பாமல் வாளியால் பாருங்கள். கடையில் "20 லீற்றர்" என்று விற்கும் வாளி விளிம்பு வரை நிரப்பினால் 20 ஐத் தாண்டிவிடலாம், அதை அப்படியே எடுக்காதீர்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலால் பத்துத் தரம் ஊற்றி, 15 லீற்றருக்கு ஒரு கோடு கீறுங்கள். தாங்கிக்குப் போகும் குழாயின் வாயில், மேலே நின்று பிடிக்க வேண்டும். கீழே முற்றத்துக் குழாயில் பிடித்தால் உயரம் குறைவு, தண்ணீர் கூடுதலாக வரும், மோட்டர் திறமானது என்று தப்பாக நினைப்பீர்கள். கோடு வர 40 செக்கன் எடுத்தால் 15 ÷ 40 × 60 = 22.5. நிமிடத்துக்கு 22.5 லீற்றர். மூன்று தரம் பிடித்து நடு எண்ணை எடுங்கள். 18 க்குக் கீழே வந்தால்தான் எங்கோ குறை இருக்கிறது. அப்போதும் முதலில் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வையும், உறிஞ்சும் பக்க மூட்டுகளில் காற்று எடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டரை மாற்றுவது கடைசி வேலை.

இந்த எண் எப்போது பொருந்தாது என்று ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைக் காட்டித்தான் ஆவணி, புரட்டாதியில் ஆட்கள் ஏமாற்றப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நமக்கு ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது, எல்லாம் மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்பதுதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் மட்டம் இறங்கும். தரையில் வைத்த மோட்டர் தண்ணீரைக் கீழிருந்து இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளுகிறது. அந்தத் தள்ளு சும்மா கணக்கில் 10 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் நம்பக்கூடாது. உங்கள் 5.5 மீற்றர் ஆவணியில் 7.5 ஆனால் மோட்டர் இரைந்துகொண்டு நிற்கும், தண்ணீர் நூலாக வரும். அரைக் குதிரைவலு இருந்தாலும் ஐந்து குதிரைவலு இருந்தாலும் அந்த 7 மீற்றர் மாறாது, காற்றுக்கு மோட்டரின் விலை தெரியாது! கடைக்காரர் ஒரு குதிரைவலு பூட்டுவார், அடுத்த நாளே மழை வந்து மட்டம் ஏறினால் "பார்த்தீர்களா" என்பார். அந்த நேரத்தில் செய்யவேண்டியது மோட்டரைக் கிணற்றுக்குள் ஒரு தட்டுப் போட்டு இரண்டு மூன்று மீற்றர் கீழே இறக்குவது. ஒரு மேசனுக்கு அரைநாள் வேலை. கடற்கரைப் பக்கக் கிணறு என்றால் பெரிய மோட்டருக்கு இன்னும் ஒரு கேடு உண்டு, வேகமாக இறைக்க உவர் மேலே ஏறும்.

45 நிமிடம் உங்களுக்கு நீளமாகத் தெரிந்தால் மோட்டரை விட்டுவிட்டு முக்கால் அங்குலக் குழாயை ஒரு அங்குலமாக்குங்கள். உராய்வு 2 மீற்றரில் ஏறக்குறைய அரை மீற்றராகும், நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர்வரை கூடும். மூன்று நிமிடம் அளவில் மிச்சம். அதற்குக் குழாய் வாங்கும் காசு கட்டுமா என்று நீங்களே பாருங்கள். என் வீட்டில் நான் மாற்றவில்லை. மகளிடம் சொல்லுங்கள், அவளது 25 ஐ வாளியில் பிடித்து வந்த எண்ணோடு சேர்த்து மோட்டர் அறைச் சுவரில் கரியால் எழுதிவைக்கச் சொல்லி. ஆவணியில் ஒரு தரம் மீண்டும் பிடித்து அதன் பக்கத்தில் எழுதட்டும்.