மருமகன் போட்ட சாட்சிக் கையெழுத்து: உயிலில் மகளின் பங்கு என்னாகும்?

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அம்மா முன்பே தவறிவிட்டார், அப்பா போன வருடம் காலமானார். 2016ல் அப்பா ஓர் உயில் எழுதிப் பதிவும் செய்தார். குடியிருந்த வீடு எனக்கு, 2 ஏக்கர் வயல் அண்ணனுக்கு, வங்கி டெபாசிட் தம்பிக்கு என்று எழுதியிருக்கிறார். சாட்சியாக என் கணவரும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது அண்ணன், "மாப்பிள்ளை சாட்சி போட்டதால் உயிலே செல்லாது, வீடு உனக்குக் கிடையாது" என்கிறார். எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தரோ, "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று அப்போதே சொன்னார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. உயில் செல்லும், ஆனால் அதில் உங்களுக்கு எழுதிய வீடு மட்டும் செல்லாது. உங்கள் கணவர் உண்மையிலேயே உயிலுக்குச் சாட்சியாகத்தான் கையெழுத்திட்டார் என்றால் நிலைமை இதுதான்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925ன் 67ஆம் பிரிவில் இது இருக்கிறது. உயிலால் பலன் பெறுபவர் அதே உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் காரணத்துக்காக உயிலைச் சாட்சி போதாத உயில் என்று தள்ளக் கூடாது. ஆனால் சாட்சி போட்டவருக்கும், அவருடைய மனைவிக்கும் அல்லது கணவருக்கும், இவர்கள் வழியாக உரிமை கேட்கிறவர்களுக்கும் அந்த உயிலில் கொடுத்தது செல்லாமல் போகும். உங்கள் கணவருக்கு அப்பா ஒரு ரூபாய்கூட எழுதவில்லை. ஆனாலும் சாட்சியின் மனைவி நீங்கள் என்பதால் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறீர்கள்.

அப்பா மனமறிந்து எழுதினாரா, உங்கள் கணவர் நேர்மையானவரா என்ற கேள்வியே இங்கே எழாது. எழுதியவர் இறந்த பிறகுதான் உயில் பேச ஆரம்பிக்கிறது. அப்போது அவருக்குப் பதிலாக நீதிமன்றத்தில் நின்று "என் கண் முன்னே கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டியவர் சாட்சி. அப்படிச் சொல்வதால் அவருக்கோ அவர் வீட்டுக்கோ சொத்து வரக் கூடாது என்பதுதான் நோக்கம். 1837ஆம் வருட ஆங்கில உயில் சட்டத்தின் 15ஆம் பிரிவும் இதே விதிதான். கடுமையான விதி என்பது என் எண்ணம். நல்லெண்ணத்தோடு "நானே போடுறேன் மாமா" என்று பேனாவை வாங்கிய எத்தனையோ மருமகன்கள் இதில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது.

பத்திர எழுத்தர் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஊகிக்க முடிகிறது. அவர் கைக்கு வரும் உயில்களில் பெரும்பாலானவை இந்துக்களுடையதாக இருக்கும். வாரிசுரிமைச் சட்டத்தின் எந்தெந்தப் பிரிவுகள் இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தும் என்று 57ஆம் பிரிவும் மூன்றாவது அட்டவணையும் சொல்கின்றன. அந்த அட்டவணையில் 63 இருக்கிறது, 68 இருக்கிறது, 67 இல்லை. ஆகவே ஓர் இந்துத் தகப்பனாரின் உயிலில் மருமகன் சாட்சி போட்டால் மகளின் பங்கு தானாகச் செல்லாமல் போகாது. அதற்காக அங்கே ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உயில் எழுதும் வேலையில் முன்னின்றவரே பெரிய பலனையும் பெற்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை, அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று 1959ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எல்லா உயில் வழக்குகளிலும் பேசப்படுகிறது. சொத்து வாங்குபவரே சாட்சியாக இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். முஸ்லிம்களின் உயில் வேறு விதிகளின்படி நடக்கிறது, அதை இங்கே விட்டுவிடுகிறேன். கிறிஸ்தவர்களுக்கு 67 முழுமையாகப் பொருந்தும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து உயிலின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதில் உங்கள் கணவரின் கையெழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உயில் வாசகம் முடிந்து, அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே 'சாட்சிகள்' என்ற இடத்தில் இருந்தால், அவர் உயிலுக்குச் சாட்சி. பதிவின்போது, "இவர்தான் அவர்" என்று சார்பதிவாளர் முன்னால் அடையாளம் காட்டுவதற்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். அது பத்திரத்தின் பின்பக்கப் பதிவுக் குறிப்பில் வரும். அடையாளம் காட்டியவர் அந்த ஒரு காரணத்தால் மட்டும் உயிலின் சாட்சி ஆகிவிட மாட்டார். சாட்சியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போட்ட கையெழுத்துதான் சாட்சிக் கையெழுத்து என்பது 1969லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திய விஷயம். பல குடும்பங்களில் இந்த இரண்டு கையெழுத்துகளும் ஒன்றாகவே ஞாபகத்தில் நிற்கும். உங்கள் கணவர் பின்பக்கத்தில் மட்டும் போட்டிருந்தால் 67ஆம் பிரிவு உங்களைத் தொடாது. ஆனால் அப்போது முன்பக்கத்தில் வேறு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். 63ஆம் பிரிவு குறைந்தது இரண்டு பேரைக் கேட்கிறது. ஆசிரியர் ஒருவர் மட்டும்தான் என்றால் உயிலே நிற்காது.

ஒருவேளை முன்பக்கத்தில் மூன்று பேர் போட்டிருந்து, உங்கள் கணவர் மூன்றாவது ஆளாக இருந்தால்? "அவரை விட்டாலும் இரண்டு சாட்சி இருக்கிறதே" என்று தோன்றும். இங்கிலாந்தில் 1968ல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சலுகையைக் கொடுத்தார்கள். நம் 67ல் அப்படி ஒரு வரி கிடையாது.

சரி, கணவர் சாட்சிதான் என்று வைத்துக்கொள்வோம். வீடு யாருக்குப் போகும்? "அப்படியானால் எனக்கு" என்று அண்ணன் நினைக்கலாம். அது உயிலின் கடைசிப் பத்திகளைப் பொறுத்தது. மிச்சமிருக்கும் சொத்து யாருக்கு என்று அப்பா எதுவும் எழுதாமல் விட்டிருந்தால், வீட்டைப் பொறுத்தவரை அவர் உயில் எழுதாமலே இறந்ததாக 30ஆம் பிரிவு கருதும். அம்மா இல்லாததால் வீடு பிள்ளைகள் மூவருக்கும் சமமாக வரும். வீட்டின் மதிப்பு 60 லட்சம் என்றால் உங்களுக்கு 20 லட்சம். 67ஆம் பிரிவு பறிப்பது உயில் தந்ததை மட்டும்தான், மகள் என்ற முறையில் வரும் உரிமையை அது தொடுவதில்லை. வயல் அண்ணனுக்கும் டெபாசிட் தம்பிக்கும் உயிலில் சொன்னபடியே போகும்.

"மீதியுள்ள சொத்துகள் எல்லாம் மூத்த மகனுக்கு" என்று எழுதியிருந்தால் 103ஆம் பிரிவு வந்துவிடும். செல்லாமல் போன வீடும் அந்த மீதியில் சேர்ந்து முழுதாக அண்ணனுக்குப் போகும். இங்கே வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். "இதில் குறிப்பிடாமல் விட்டுப்போன சொத்துகள்" என்று இருந்தால், வீடு உயிலில் குறிப்பிடப்பட்ட சொத்துதானே, விட்டுப்போனது அல்லவே என்று வாதாட இடம் இருக்கிறது. நிச்சயம் ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சமரசம் பேச உட்காரும்போது கனமான வாதம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. மீதிச் சொத்து "மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக" என்று இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கும் இதே உயில் உங்களுக்குக் கொடுப்பதுதான், ஆகவே அதற்கும் 67ன் அடி விழும். 60 லட்சத்தில் அண்ணன் தம்பிக்கு 20, 20 போக, உங்கள் பெயரில் இருந்த 20 லட்சம் உயில் இல்லாத சொத்தாகி மறுபடி மூவருக்கும் பிரியும். உங்கள் கைக்கு வருவது 7 லட்சத்துக்கும் குறைவு. மீதிச் சொத்தைப் பற்றிப் பேசாத உயில்தான் உங்களுக்கு லாபம்.

அண்ணன் "உயிலே செல்லாது" என்பதைப் பிடித்துக்கொண்டிருந்தால், அதன் விளைவை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். உயில் போனால் 2 ஏக்கரும் டெபாசிட்டும்கூட மூன்றாகப் பிரியும். வயல் முழுதாக வேண்டும் என்றால் அவர் இந்த உயிலைத் தாங்கித்தான் ஆக வேண்டும். அதை நிரூபிக்கவும் சிரமம் இல்லை. சாட்சிகளில் ஒருவர் உயிரோடு இருந்து சொன்னால் போதும், ஆசிரியரே வரலாம். உங்கள் கணவரும் வந்து சாட்சி சொல்லலாம், பங்கு போனதால் சாட்சி சொல்லும் தகுதி போகாது என்பதற்கு 68ஆம் பிரிவு இருக்கிறது.

அப்பாவின் விருப்பப்படி வீட்டை உங்களுக்கே விட்டுத்தர அண்ணனும் தம்பியும் சம்மதித்தால், வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். வீடு மூவருக்கும் வந்திருந்தால் அவர்கள் இருவரும் உங்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வீடு முழுதாக அண்ணனுக்குப் போயிருந்தால் உங்களுக்கு அதில் பங்கே இல்லாததால் விடுதலைப் பத்திரம் பொருந்தாது, அவர் செட்டில்மெண்ட் எழுதித் தர வேண்டும். எது என்று தெரியாமல் கிடைத்த பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவைத்தால், நாளை வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அங்கேதான் நிறுத்துவார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு விஷயம். உயில் எழுதியவர் உயிரோடு இருந்தால் இதைச் சரிசெய்ய ஒரு மத்தியான நேரம் போதும். பலன் பெறாத, பலன் பெறுபவரின் கணவனோ மனைவியோ அல்லாத இரண்டு பேரை வைத்து புதிதாக ஓர் உயில் எழுதி, பழையதை ரத்து செய்வதாக அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். பழைய உயிலில் ஒட்டுப் போடும் வேலை வேண்டாம். சாட்சிகள் உயில் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, ஊரில் நிலையாக இருப்பவர்களாக இருந்தால் நல்லது.

உங்கள் விஷயத்தில், நகல் கைக்கு வரும்வரை அண்ணனுக்கு எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம், வாட்ஸ்ஆப்பில்கூட. "எனக்கு வீட்டில் உரிமை இல்லை" என்ற ஒரு வரி, உங்களுக்கு வரக்கூடிய மூன்றில் ஒரு பங்கையும் சிக்கலாக்கிவிடும்.