ஃபிரிட்ஜுக்குப் போட்ட ஒன்பதாயிரம்

கேள்வி: 'சங்க் காஸ்ட் ஃபாலஸி' என்கிறார்களே, அது என்ன? ஏற்கெனவே செலவழித்த பணத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது ஏன்? வீட்டு உதாரணம் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வயது 13. இரண்டு வருடத்தில் கேஸ் ஏற்ற 2,800, கம்ப்ரஸர் மாற்ற 6,200 என்று 9,000 ரூபாய் போயிருந்தது. போன கோடையில் மறுபடி கூலிங் நின்றது. பாடிக்குள் புதைந்திருக்கும் பைப்பில் லீக், வெளியே புது காயில் போட வேண்டும், 4,500 ஆகும் என்றார் மெக்கானிக். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டதற்கு, "கேஸுக்கு மூணு மாசம் வாரண்டி தரேன்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"ஒன்பதாயிரத்தைக் கொட்டிட்டு இப்போ காயலான் கடைக்குப் போடவா?" என்றார் அத்தை. எனக்கும் மனசு அப்படித்தான் அடித்துக்கொண்டது.

அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து இரண்டாகக் கோடு போட்டேன். ஒரு பக்கம் ரிப்பேர், இன்னொரு பக்கம் புதுசு. எழுத உட்கார்ந்ததும்தான் உறைத்தது: அந்த 9,000 இரண்டு பக்கத்திலும் போன பணம். ரிப்பேர் செய்தாலும் திரும்பாது, புதுசு வாங்கினாலும் திரும்பாது. இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது எது மேல் என்று எப்படிச் சொல்லும்? அதை அடித்துவிட்டேன். இப்படிப் போன பணத்தைப் பார்த்து அடுத்த முடிவை எடுப்பதைத்தான் சங்க் காஸ்ட் ஃபாலஸி என்கிறார்கள்.

மிச்சமிருந்தது இனி ஆகப்போகும் செலவு. ஊருக்குப் போன இரண்டு நாள் ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு மீட்டர் பார்த்திருந்தேன்: 5 யூனிட், அதாவது நாளுக்கு இரண்டரை. புதுசின் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு 182 யூனிட், நாளுக்கு அரை. ஆக, பழசு தினம் 2 யூனிட் கூடுதலாகக் குடிக்கிறது. எங்கள் ஸ்லாபில் யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 4,380. மூன்று வருடத்தில் ரிப்பேரோடு சேர்த்து 17,640, அதுவும் வேறெதுவும் கெடாமல் இருந்தால். புதுசு 18,000, எக்ஸ்சேஞ்சில் 1,500 கழியும். புதுசு வாங்கினோம்.

ஒன்றைக் கவனியுங்கள். தாளில் அடித்துவிட்டது அந்த 9,000 ரூபாயை மட்டும்தான். அந்தப் பணத்தால் வந்த கம்ப்ரஸர் இன்னும் நன்றாக ஓடினால், அந்த ஓட்டம் கணக்கில் வரவேண்டும். அடிக்கடி கெட்டது என்ற தகவலும் வேண்டும், அடுத்து கெடுமா என்று அதுதான் சொல்லும். குழப்பமாக இருந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதே ஃபிரிட்ஜை இதே நிலையில் பக்கத்து வீட்டுக்காரர் இன்று சும்மா தந்தால், 4,500 போட்டுச் சரிசெய்து வைத்துக்கொள்வேனா?

இந்தத் தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். இரண்டு மாதம் கழித்து, நாலு வருட வாஷிங் மெஷினில் போர்டு போய்விட்டது, 3,000 கேட்டார்கள். "போன வருஷம்தான் மோட்டருக்கு அழுதோம், இனி ஒரு பைசா போடமாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் கோபமும் போன பணத்தைப் பார்த்து வந்ததுதான். மோட்டர் புதுசு, டிரம்மில் சத்தமில்லை, புது மெஷின் 16,000. போர்டை மாற்றினோம், இன்று காலையும் அதில்தான் துவைத்தேன்.