உள்ளே கிடக்கும் வேட்டைப்பல்

"மகளுக்கு 12 வயது. மேல்வரிசை இடப்பக்க வேட்டைப்பல் வந்துவிட்டது. வலப்பக்கம் பாற்பல் இன்னும் ஆடக்கூட இல்லை. எக்ஸ்-றே எடுத்துப் பார்த்துவிட்டு, பல் சரிந்து உள்ளே கிடக்கிறது என்றார்கள். வெட்டித்தான் எடுக்க வேணுமோ டொக்டர்?"
- ஒரு தாய், சுன்னாகம்

அம்மா, வெட்டி அகற்றுவது கடைசி வழி. இந்த வயதில் அதற்கு முன்னால் செய்யக்கூடியது உண்டு.

மேல் வேட்டைப்பல் மூக்கின் பக்கத்தில், மிக உயரத்தில் உருவாகிறது. அங்கிருந்து பக்க முன்பல்லின் வேரை ஒட்டியே அது கீழே இறங்கும். அந்த முன்பல் சிறுத்தோ, பிறவியிலேயே இல்லாமலோ இருந்தால் வழி தவறி அண்ணத்துப் பக்கம் சரிந்துவிடலாம். இது சில குடும்பங்களில் தொடர்ந்தும் வரும். இடநெருக்கடி இருந்தால் பெரும்பாலும் உதட்டுப் பக்கம் தங்கிவிடும்.

ஆகவே பல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். சாதாரணமாக 10 வயதளவில் உதட்டுப் பக்க முரசைத் தடவினால் ஒரு மேடு கையில் படும். ஒரு பக்கம் பட்டு மறுபக்கம் படாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். ஒரே எக்ஸ்-றேயில் பக்கம் தெரியாது. குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாவது படம் எடுப்போம். குழாய் போன பக்கமே பல்லின் நிழலும் போனால் பல் அண்ணத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் போனால் உதட்டுப் பக்கம். பக்கத்துப் பல்லின் வேர் அரிக்கப்படுகிறதோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் அது தேவையில்லை.

உங்கள் மகளின் பல் அண்ணத்துப் பக்கம் இருந்து, வரிசையில் இடமும் போதுமானால், நான் முதலில் அந்தப் பாற்பல்லைக் கழற்றச் சொல்வேன். 10 முதல் 13 வயதுக்குள் செய்தால் பல பிள்ளைகளுக்குப் பல் தானாகவே வழி திரும்புகிறது. பல்லின் முனை பக்க முன்பல் வேரின் நடுக்கோட்டைத் தாண்டாதிருந்தால் வாய்ப்பு நன்று, தாண்டியிருந்தால் குறைவு. 6 மாதத்தில் ஒரு படம், 12 மாதத்தில் இன்னொன்று எடுத்துப் பாருங்கள். ஒரு வருடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மேலும் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் சின்ன சத்திரசிகிச்சை. முரசைத் திறந்து பல்லை வெளிக்காட்டி, ஒரு பொத்தானும் மெல்லிய சங்கிலியும் ஒட்டுவார்கள். கிளிப் போட்டு, மென்மையான விசையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். முழுச் சிகிச்சைக்கும் சுமார் 2 வருடம் பிடிக்கும். இழுத்தும் பல் அசையாமல் பக்கத்துப் பற்கள் மட்டும் நகர்ந்தால், அது எலும்போடு ஒட்டிப்போயிருக்கலாம். பல் படுக்கையாக, மிக உயரத்தில் கிடந்தாலும் இழுப்பது கடினம். அப்போதுதான் அகற்றுவதா, அப்படியே விட்டுப் படம் எடுத்துக் கவனிப்பதா என்று யோசிப்போம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: வலப்பக்க முன்பல் ஆடுகிறதா என்று இன்றே பாருங்கள். வேர் அரிப்பு பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கும். ஆடினால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல், இந்த வாரமே படத்தோடு பல் சீரமைப்பு நிபுணரிடம் போங்கள்.