மழைக்கால ஈரவாடை: ஜன்னலை மூடினால் துணி காயாது

கேள்வி: ஜூன் பிறந்தாலே எங்கள் வீட்டில் துணியெல்லாம் ஈரவாடை. சாரல் அடிப்பதால் ஜன்னலை மூடிவிட்டு பெட்ரூமில் கொடி கட்டி இரண்டு நாள் காயப்போடுகிறேன். சோப்புப் பொடியை இரட்டிப்பாக்கிப் பார்த்தேன், வாசனை கண்டிஷனரும் ஊற்றுகிறேன். அயர்ன் செய்யும்வரை நன்றாகத்தான் இருக்கிறது. லோக்கல் டிரெயினில் வேர்த்ததும் சட்டை நாறுகிறது என்கிறார் கணவர். என்னதான் செய்வது?
— ஒரு வாசகி, முலுண்ட், மும்பை

பதில்: முதலில் கண்டிஷனரை நிறுத்துங்கள். சோப்புப் பொடியையும் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். அலசலில் போகாத சோப்பும் கண்டிஷனரின் வழவழப்பும் நூலில் படிந்து, அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நீங்கள் துரத்த நினைக்கும் கிருமிக்கு அதுதான் இருப்பிடம்.

ஆமாம், கிருமிதான். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா துணியில் தங்கி, உடம்பிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப் பசையையும் வேர்வையையும் உண்டு, ஒருவகை அமிலத்தை வெளியிடுகிறது. ஈரவாடைக்கு முக்கியக் காரணம் அதுவே என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தார்கள். துணி காய்ந்தாலும் இது எளிதில் சாவதில்லை. அயர்ன் பெட்டியை மேலோட்டமாக ஓட்டினாலும் தையலுக்குள்ளும் காலருக்குள்ளும் பிழைத்துக் கிடக்கும். மறுபடி ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். உங்கள் கணவர் டிரெயினில் படும் பாட்டுக்கு இதுதான் காரணம்.

ஆகவே உங்களுக்கு வேலை இரண்டு. ஏற்கெனவே துணியில் குடியேறிவிட்டதை ஒருமுறை ஒழிப்பது, அப்புறம் புதிதாகப் பெருக விடாமல் சீக்கிரம் காயவைப்பது. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் வாடை குறையுமே தவிர, போகாது.

எந்தத் துணியில் குடியேறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, காய்ந்த சட்டையின் அக்குள் பகுதியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்து முகருங்கள். வாடை எழுந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். துண்டுகளையும் இப்படியே சோதியுங்கள்.

அவற்றில் பருத்தித் துணிகளுக்குச் சூடு போதும். ஒரு பக்கெட்டில் 2 லிட்டர் குழாய்த் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல் 3 லிட்டர் கொதிக்கும் தண்ணீரைக் கவனமாக ஊற்றுங்கள். கலவை ஏறக்குறைய 70 டிகிரி இருக்கும்; துணியைப் போட்டதும் 60க்கு அருகில் இறங்கும். அந்தச் சூடுதான் தேவை. மூடி போட்டு 20 நிமிடம் வைத்துவிட்டு, வழக்கம்போல மெஷினில் துவையுங்கள். பக்கெட்டைக் குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்கள். கீசர் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள், பக்கெட்டில் விழுவதற்குள் அது ஆறிவிடும். சாயம் போகும் துணியையும் எலாஸ்டிக், பாலியஸ்டர் துணிகளையும் இந்தச் சூட்டில் போடக்கூடாது. எலாஸ்டிக், பாலியஸ்டர் துணிகளுக்குக் குளோரின் இல்லாத ஆக்சிஜன் ப்ளீச் பொடி கிடைக்கிறது. பாக்கெட்டில் சொன்ன அளவைக் கை பொறுக்கும் வெந்நீரில் கரைத்து அரை மணி ஊறவைத்தால் போதும். பட்டுக்கும் கம்பளிக்கும் இதுவும் வேண்டாம்.

இனி காயவைக்கும் விஷயம். மூடிய பெட்ரூமில் நடப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு தடவைக்கு 4 கிலோ துணி துவைத்தால், ஸ்பின் முடிந்த பிறகும் அதில் சுமார் 2 லிட்டர் தண்ணீர் இருக்கும். 12க்கு 10 அடி அறையில், கூரை 9 அடி உயரம் என்றால், சுமார் 30 கன மீட்டர் காற்று அடங்கும். ஜூலை மாத மும்பையில், 28 டிகிரி வெப்பத்தில் 85 சதவீதம் ஈரத்தோடு இருக்கும் காற்றால் கன மீட்டருக்கு இன்னும் 4 கிராம் தண்ணீரைத்தான் ஏற்க முடியும். அப்படியானால் அந்த அறைக் காற்று முழுவதும் சேர்ந்து வாங்கிக்கொள்வது வெறும் 120 கிராம், அரை டம்ளருக்குச் சற்று மேல். மீதித் தண்ணீர் எங்கே போகும்? துணியிலேயே நிற்கும், இல்லையென்றால் சுவரில் பூஞ்சையாக வரும். இரண்டு நாள் கொடியில் தொங்கும் துணி, கிருமிக்கு இரண்டு நாள் விருந்து. ஐந்தாறு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் அது பெருக நேரம் இருக்காது.

அந்த 2 லிட்டரும் வெளியேற, அறைக் காற்று பதினாறு, பதினேழு முறையாவது மாற வேண்டும். வெளியேயும் மழைதானே என்று கேட்பீர்கள். வெளிக்காற்றிலும் ஈரம் உண்டு, ஆனால் அது நிரம்பித் ததும்புவதில்லை. தொடர்ந்து வந்து போனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்துச் செல்லும். அதனால் கொடியை பெட்ரூமிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள். பாத்ரூம் கதவைத் திறந்துவைத்து அங்குள்ள எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும். மும்பையில் மழைக்காற்று பெரும்பாலும் மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து அடிக்கும். ஆகவே கிழக்குப் பக்க ஜன்னல் இருந்தால் அதைத் திறங்கள், சாரல் அவ்வளவாக வராது. அப்படி ஜன்னல் இல்லையென்றால் சேஃப்டி டோரைப் பூட்டிவிட்டு உள்கதவைத் திறந்துவைத்தாலும் போதும்.

அடுத்தது துணிக்கு நேராகக் காற்று. கப்பி கட்டிக் கூரைக்கு இழுத்துவிடும் கம்பிகள் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அங்கே காற்று நகர்வதில்லை. சீலிங் ஃபேனுக்கும் மேலே போய்விடுகிறது துணி. கம்பியை இறக்கி, டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து, கீழிருந்து துணிகளுக்கு நடுவே காற்று போகும்படி திருப்புங்கள். 60 வாட் ஃபேன் ஐந்து மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட்தான் ஆகும். கொடியில் ஏற்றுமுன் மெஷினில் ஸ்பின்னை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். அங்கே பிழிந்து போகும் ஒவ்வொரு டம்ளரும் ஹாலுக்கு வராத ஈரம். சட்டையை ஹேங்கரில் பட்டன் போடாமல், காலரைத் தூக்கிவிட்டு மாட்டுங்கள். பேண்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்பு திறந்து நிற்கும்படி கிளிப் போடுங்கள். துணிக்கும் துணிக்கும் ஒரு கை முஷ்டி இடைவெளி வேண்டும். இடம் போதாவிட்டால் பாதித் துணியை மறுநாள் துவையுங்கள். நெருக்கிப் போட்ட முழு லோடைவிட அது நல்லது.

ஏசி இருந்தால் முறை தலைகீழ். ஜன்னல், கதவு, எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏசியையும் ஃபேனையும் போட வேண்டும். ஏசியின் குழாயில் சொட்டுவது உங்கள் துணியின் ஈரம்தான். ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி ஓட்டினால் வெளியே இருக்கும் ஈரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைச் சட்டையின் நடுவில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலர், பாக்கெட் அடி, பேண்ட்டின் இடுப்புப் பட்டி இவற்றைப் புறங்கையால் தொடுங்கள். ஜில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, அலமாரியில் மடித்து வைக்கக்கூடாது. அயர்ன் செய்த சூட்டோடு மடித்தாலும் அதே கதைதான். பத்து நிமிடம் தொங்கட்டும்.

கணவர் நனைந்து வந்த சட்டையை நேராக அழுக்குக் கூடையில் போடுவது உங்கள் வீட்டிலும் நடக்கும் என்று நினைக்கிறேன். அன்று துவைக்காவிட்டால் அதைக் கொடியில் விரித்துப் போடச் சொல்லுங்கள். துவைத்த துணியையும் ராத்திரி முழுக்க மெஷினில் விட்டுவிடாதீர்கள். எல்லாம் செய்தும் மெஷினிலிருந்து எடுக்கும்போதே வாடை அடித்தால், கோளாறு கொடியில் இல்லை. முன்பக்கக் கதவு மெஷினாக இருந்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். அங்கே கறுப்பாக வழவழவென்று படிந்திருக்கும். அதைத் துணியால் துடைத்து, டிரம்மை வெறுமையாக, மெஷினில் இருக்கும் அதிகபட்சச் சூட்டில் ஒருமுறை ஓட்டிவிட்டு, துவைக்காத நேரங்களில் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருங்கள்.