அறக்கட்டளையில் செலவாகாமல் நின்ற ஐந்து லட்சம்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் ஐயா ஆரம்பித்த டிரஸ்டுக்கு 2025-26இல் கடை வாடகை, வட்டி என 20 லட்சம் வருமானம். கல்வி உதவி, அன்னதானம் எல்லாம் சேர்த்து 12 லட்சம்தான் செலவானது. மீதிக்கு வரி உண்டா? வேறொரு டிரஸ்டுக்குப் பணம் போட்டால் மார்ச் தேதியில் ரசீது வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: அந்த ஆளை முதலில் வாசலோடு அனுப்புங்கள். பணம் கைமாறிய நாள்தான் செலவு நாள். ஏப்ரலில் போன பணத்துக்கு மார்ச் ரசீது இருந்தாலும் பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டிக்கொடுத்துவிடும். மார்ச்சிலேயே முறையாகக் கொடுத்திருந்தாலும் இன்னொரு டிரஸ்டுக்கான நன்கொடையில் 85 சதவீதம்தான் செலவாக ஏறும். கமிஷன் போக மிச்சத்தை ரொக்கமாகத் திருப்பித் தருகிறேன் என்றும் இவர்கள் பேசுவார்கள். அது போலிச் செலவு. பிடிபட்டால் வரிவிலக்குக்கு அடிப்படையான 12ஏபி பதிவே ரத்தாகலாம். ரத்தானால் கடன் போக உங்கள் சொத்துகளின் இன்றைய சந்தை மதிப்புக்கே உச்ச விகிதத்தில் வரி. ஐந்து லட்சத்துக்காக ஐயா விட்டுப்போன கடைகளைப் பணயம் வைக்காதீர்கள்.

உங்கள் கணக்கு எளிது. 20 லட்சத்தில் 85 சதவீதமான 17 லட்சத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். மீதி 3 லட்சத்தைக் கேள்வியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். குறைவது 5 லட்சம். ஆனால் அந்த 12 லட்சத்தையும் சரிபாருங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தது சேராது. அன்னதானத்துக்கு மளிகைக்காரரிடம் கடன் வைத்து ஏப்ரலில் தீர்த்திருந்தால், அது அடுத்த வருடச் செலவு.

குறைந்த 5 லட்சத்துக்கு வரி வராமலிருக்க, அதைப் பிறகு செலவழிக்க ஒதுக்குவதாக வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 10தான் வழி. டிரஸ்டிகள் கூடி, இன்ன வேலைக்கு, இத்தனை வருடத்துக்கு என்று தீர்மானம் போட வேண்டும். உச்சவரம்பு ஐந்து வருடம். "டிரஸ்டின் பொது நோக்கங்களுக்கு" என்று எழுதினால் அதிகாரி தள்ளிவிட இடம் கொடுக்கிறீர்கள். "ஊர்ப் பள்ளியில் மாணவிகளுக்குக் கழிப்பறை கட்ட" என்று எழுதுங்கள். பணத்தை ஷெட்யூல்டு வங்கியிலோ அஞ்சலகத்திலோ போடுங்கள். உறவினர் கடைக்கு வட்டிக்கு விடக்கூடாது. இப்படி ஒதுக்கிய பணத்தை வேறு டிரஸ்டுக்கும் தர முடியாது. காலத்துக்குள் செலவாகாத தொகை கடைசி வருட வருமானமாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாடகை பாக்கி வருமானமாக எழுதப்பட்டும் கைக்கு வராமல் நின்றிருந்தால், அந்த அளவுக்குப் படிவம் 9ஏ போடலாம். பணம் வந்த வருடத்திலோ அதற்கடுத்த வருடத்திலோ செலவழித்தால் போதும். பாக்கி மார்ச் கடைசியில்தான் வந்து, செலவழிக்க நாளில்லை என்றாலும் 9ஏ பொருந்தும். அப்போது 2026-27க்குள் செலவழிக்க வேண்டும். உங்கள் 5 லட்சத்தில் இப்படி எவ்வளவு என்று வாடகை ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துப் பிரியுங்கள். அந்தப் பங்குக்கு 9ஏ, மற்றதற்குப் படிவம் 10.

இரண்டு படிவங்களுக்கும் கெடு 2026 ஆகஸ்ட் 31. ரிட்டர்ன் கடைசி நாளான அக்டோபர் 31 வரை தந்தாலும் மறுக்க வேண்டாம் என்று வரி வாரியம் 2023இல் சுற்றறிக்கை விட்டது. விதியில் ஒரு தேதி, சுற்றறிக்கையில் இன்னொன்று. தர்மம் செய்பவர்களை இப்படி அலையவிடுவது நியாயமே இல்லை. ஆகஸ்டையே பிடித்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், இந்தக் கணக்குக்குப் பழைய சட்டம்தான்.