ஆறு பவுனும் ஒரு காசுமாலையும்

"அக்கா பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த 6 பவுன் நகையை, அவளிடம் சொல்லாமல் அடகு வைத்தேன். வீட்டுக்காரரின் கடை நொடித்துப்போய், வட்டி கட்ட முடியாமல் நகை ஏலத்தில் போய்விட்டது. அதில் அம்மா அவளுக்குப் போட்ட காசுமாலையும் உண்டு. காலில் விழுந்தேன், ஆள்விட்டுப் பேசினேன். 'உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன்' என்கிறாள். ஒன்றரை வருடமாகிறது. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. என்னை நானே எப்படி மன்னிப்பது?"
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

மனசுக்கு அப்புறம் வருவோம். முதலில் கணக்கு. ஏலத்தில் போன நகைக்குக் கடனும் வட்டியும் செலவும் கழித்து மீதி இருந்தால், அந்தப் பணத்தை அடகு வைத்தவருக்குத் திருப்பித் தர வேண்டும். வங்கியோ நகைக்கடன் நிறுவனமோ, எதுவானாலும் ஏலக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். மீதி வந்தால் அது அக்காவுடையது.

அடுத்து, கடனை ரூபாயில் எண்ணாதீர்கள், எடையில் எண்ணுங்கள். 6 பவுன் என்றால் 48 கிராம். ஏலம் போன அன்றைய விலையைக் கொடுத்தால் இன்று அதே தங்கம் வராது. மாதம் 2 கிராம் ஹால்மார்க் போட்ட 22 கேரட் நாணயமாக வாங்கினால் 24 மாதம் ஆகும். செய்கூலி, சேதாரத்துக்குத் தனியாகக் கொஞ்சம் ஒதுக்குங்கள். ரசீதுகளை ஒரே கவரில் போட்டு, பெரியவர் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியட்டும். ஒவ்வொரு நாணயமாக அனுப்ப வேண்டாம், ஒவ்வொன்றும் அக்காவின் கதவைத் தட்டுவது போலாகும். மொத்தம் சேர்ந்ததும் அந்தப் பெரியவர் கொடுக்கட்டும். 'இப்போதாவது பேசச் சொல்லுங்கள்' என்ற சொல் கூடப் போகக் கூடாது. போனால் அது விலை பேசுவது. அக்கா வாங்க மறுத்தாலும் அந்தத் தங்கத்தை நீங்கள் தொடக் கூடாது.

காசுமாலை வேறு. அம்மா கையால் போட்டதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அக்காவின் கோபம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதற்கு ஈடு இல்லை என்பதை ஒத்துக்கொள்வதுதான் உங்கள் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

மர்லின் கார்னிஷ், நத்தானியேல் வேட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2015-ல் தன்னை மன்னிப்பதற்கு நான்கு படிகள் சொன்னார்கள்: பொறுப்பேற்பது, வருந்துவது, ஈடுசெய்வது, மறுபடி நிமிர்ந்து வாழ்வது. நீங்கள் இரண்டாவது படியிலேயே ஒன்றரை வருடமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். பட்டினி கிடப்பதால் அக்காவுக்கு ஒரு குன்றிமணித் தங்கமும் திரும்பாது. காலில் விழுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அழுகிற உங்களைத் தேற்றும் வேலையும் சேர்ந்து அவர் தலையில் விழுகிறது.

முதல் படியைக் காகிதத்தில் செய்யுங்கள். இரண்டு வட்டம் போடுங்கள். ஒன்று 'ஏலம் போனது'. அதற்குக் காரணமான மற்றதையெல்லாம் முதலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வெட்டுங்கள்: கடை நஷ்டம், வட்டி ஏறியது, வீட்டுக்காரர் கடைசிவரை உண்மை நிலையைச் சொல்லாதது இருந்தால் அதுவும். உங்கள் பங்கைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் வட்டம் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். இரண்டாவது வட்டம் 'சொல்லாமல் எடுத்தது'. அதில் துண்டு கிடையாது, முழுதும் உங்களுடையது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒருநாள் 'எல்லாம் என் பாவம்' என்றும், மறுநாள் 'சூழ்நிலை அப்படி' என்றும் மனசு ஊசலாடுகிறது.

பிறகு ஒரே ஒரு கடிதம். இவ்வளவு போதும்: "உன்னிடம் சொல்லாமல் உன் நகையை அடகு வைத்தேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அம்மாவின் காசுமாலை என்னால் போய்விட்டது, அதை என்னால் திருப்ப முடியாது. 48 கிராமையும் சேர்த்து ஒப்படைப்பேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்." 'ஆனால்' வந்தால் அடித்துவிடுங்கள். 'மன்னித்துவிடு' என்பதையும் அடியுங்கள், அது இன்னொரு கேட்பு. இதற்குப் பிறகு தூது அனுப்பாதீர்கள். மன்னிக்காமல் இருப்பது அவர் உரிமை.

நீங்கள் உங்களை மன்னிக்கிறீர்களா, சாக்குச் சொல்கிறீர்களா என்று எப்படித் தெரியும்? நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததை இரண்டே வரியில் சொல்லிப் பாருங்கள். காரணம் அடுக்காமலும், உங்களைத் திட்டிக்கொள்ளாமலும் சொல்ல வந்தால் சரியான பாதை.

இரவில் நினைப்பு சுழன்றால், மாலை 6 மணிக்கு 15 நிமிடம் அதற்கென்று ஒதுக்கி, வந்ததை நோட்டில் எழுதுங்கள். இரவில் வந்தால் 'நாளை 6 மணிக்கு' என்று தள்ளிப்போடுங்கள். முதல் வாரம் கேட்காது, தொடருங்கள். ஆனாலும் ஒன்றரை வருடமாகச் சோறும் தூக்கமும் கெட்டிருப்பதால், இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் உடனே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

வீட்டு விசேஷங்களில் அக்கா எதிர்ப்பட்டால் முந்திப்போய்ப் பேசாதீர்கள். அவர் முன்பந்தியில் உட்கார்ந்தால் நீங்கள் அடுத்த பந்திக்கு இருங்கள்.